திரும்பி வந்த செக்கும் முப்பது நாள் கெடுவும்

காசோலை பணமாகாமல் திரும்பி வந்த அன்றே, அதைக் கொடுத்தவர் குற்றவாளி ஆகிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் காசோலை மோசடியைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் விதி, 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் உள்ள 138-ஆம் பிரிவு. 1988-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி செக் திரும்புவது முதல் படி மட்டுமே. செக்கை வாங்கியவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பிப் பணத்தைக் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸ் கையில் கிடைத்து 15 நாட்கள் கடந்தும் பணம் வரவில்லை என்றால்தான் குற்றம் முழுமை பெறுகிறது. ஆகவே அந்த நோட்டீஸ் மரியாதைக்காக எழுதும் கடிதம் அல்ல. வழக்கின் ஓர் அங்கம். அது இல்லாவிட்டாலும், இருந்தும் பிழையாக இருந்தாலும், கடன் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் 138-இன் கீழ் வழக்கு நிற்காது.

இந்தக் கட்டத்தை நாட்களால் கட்டுகிறது சட்டம். செக்கில் எழுதியுள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். சட்டத்தில் 6 மாதம் என்று இருந்தாலும், அதற்கு முன்பே செக் காலாவதி ஆகிவிட்டால் அந்தக் குறுகிய காலமே செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுளை 3 மாதமாகக் குறைத்துவிட்டதால், இன்றைக்கு நடைமுறையில் 3 மாதம்தான் கணக்கு. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் இது 15 நாளாக இருந்தது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 30 ஆக்கியது. நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அவகாசம் முடிந்த பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் மனு போட வேண்டும்.

இவற்றில் 30 நாள் கெடுதான் மிகக் கடுமையானது. கடைசிக் கட்டமான ஒரு மாதம் தவறிப்போனால், போதிய காரணம் காட்டி அந்தத் தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம். 142-ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. நோட்டீஸ் அனுப்பும் 30 நாளுக்கு அப்படிப்பட்ட மன்னிப்பு எதுவும் சட்டத்தில் இல்லை. உடம்பு சரியில்லை, வக்கீல் ஊரில் இல்லை, எதிராளி "இந்த வாரம் தந்துவிடுகிறேன்" என்று இழுத்தடித்தார் என்பவை எல்லாம் உண்மையாகவே இருந்தாலும், 31-ஆம் நாள் அனுப்பிய நோட்டீசை அவை காப்பாற்றா. நடைமுறையில் அதிகமான கெடுக்கள் இந்த வாய்தாப் பேச்சினால்தான் தவறுகின்றன. செக்கைக் கொடுத்தவர் போனில் நயமாகப் பேசுகிறார், ஒரு வாரம் கேட்கிறார், பிறகு பத்து நாள் கேட்கிறார். பேச்சுவார்த்தை நடக்கட்டும், நோட்டீஸும் போகட்டும் என்பதே பாதுகாப்பான வழி. நோட்டீஸ் அனுப்பிவிட்டதால் சமரசத்துக்குத் தடை எதுவும் இல்லை. வழக்கு நடக்கும் எந்தக் கட்டத்திலும் சமாதானம் ஆகலாம் என்று 147-ஆம் பிரிவே அனுமதிக்கிறது.

30 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? வங்கி மெமோவில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்து அல்ல; செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து செக்காரருக்குக் கிடைத்த நாளிலிருந்து. 2001-இல் சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் இன்றைய நிலையில் இதை நம்பி நாள் கடத்துவது ஆபத்து. முன்பெல்லாம் வங்கிக்கு நேரில் போய் ரிட்டர்ன் மெமோவை வாங்கும்போதுதான் விஷயம் தெரியும். இப்போது செக் திரும்பிய சில நிமிடங்களில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது, கணக்கிலும் கழிவு பதிவாகிவிடுகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்பது அந்தக் குறுஞ்செய்தியைப் பற்றித்தான். ஆகவே குறுஞ்செய்தி வந்த நாளையே முதல் தகவல் நாளாக வைத்துக்கொண்டு எண்ணுவது நல்லது. அந்த நாளை விட்டுவிட்டு, மறுநாளை ஒன்று என்று எண்ண வேண்டும்.

நோட்டீஸ் 30 நாளுக்குள் எதிராளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. அதற்குள் சரியான முகவரி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டால் அனுப்புபவர் தன் கடமையைச் செய்துவிட்டார் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆகவே தபால் ரசீதில் இருக்கும் தேதியே 30 நாள் கெடுவுக்குச் சாட்சி. அது போய்ச் சேரும் தேதி அடுத்த கட்டமான 15 நாளுக்குத்தான் தேவைப்படுகிறது.

இனி நோட்டீசில் என்ன இருக்க வேண்டும் என்பது. இதற்கென்று அச்சிட்ட படிவம் எதையும் சட்டம் தரவில்லை. வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செக்கை வாங்கியவர் தானே எழுதிக் கையெழுத்திட்டும் அனுப்பலாம். சாக்சன்ஸ் ஃபார்ம்ஸ் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: எந்த மொழி நடையில் இருந்தாலும் சரி, செக் திரும்பிவிட்டது என்ற தகவலும், அந்தப் பணத்தைக் கொடு என்ற கேட்பும் அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டில் கேட்பு தெளிவாக இருப்பது மிக முக்கியம். "செக் திரும்பிவிட்டது, வருத்தம்" என்று தகவல் மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அது நோட்டீஸ் ஆகாது.

அந்தக் கேட்பில் எவ்வளவு தொகை குறிக்கப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலான நோட்டீஸ்கள் விழுகின்றன. சட்டம் சொல்வது "அந்தத் தொகை", அதாவது செக்கில் எழுதப்பட்ட தொகை. மொத்தக் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பது வேறு கணக்கு. ராகுல் பில்டர்ஸ் வழக்கில் வியாபார பாக்கி 8,72,409 ரூபாய். திரும்பிய செக் 1,00,000 ரூபாய்க்கு. நோட்டீசில் செக் திரும்பிய விவரம் இருந்தது. ஆனால் கேட்டதோ பாக்கி பில்களின் தொகையை. எந்தத் தொகையைக் கட்டினால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்பது நோட்டீசைப் படிப்பவருக்குத் தெரியவில்லை என்பதால், 2007-இல் உச்ச நீதிமன்றம் அந்த நோட்டீஸ் செல்லாது என்று முடிவு செய்தது.

இதன் பின்னால் உள்ள நியாயம் எளிது. 138-ஆம் பிரிவு செக்கைக் கொடுத்தவருக்குக் கடைசியாக ஒரு கதவைத் திறந்து வைக்கிறது: 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிடு, குற்றம் இல்லை. அந்தக் கதவின் முன் செக்கின் தொகைக்கு மேல் ஒரு தொகையைச் சேர்த்துப் பூட்டிவிட்டால், சட்டம் கொடுத்த வாய்ப்பே இல்லாமல் போகிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய பிரிவு என்பதால் நீதிமன்றங்கள் இதில் எழுத்துக்கு எழுத்து பார்க்கின்றன. 2025 செப்டம்பரில் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் கறாராக்கியது. செக் 1 கோடி ரூபாய்க்கு. நோட்டீசில் கேட்டது 2 கோடி. தட்டச்சுப் பிழை என்று சொல்லப்பட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. செக் தொகையும் நோட்டீஸ் தொகையும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், தவறி நேர்ந்த பிழை என்ற காரணம் எடுபடாது என்பது தீர்ப்பு. ஓர் இலக்கம் மாறினால் வழக்கே போய்விடும் என்பதால், நோட்டீஸ் தயாரானதும் செக்கின் நகலை அருகில் வைத்துக்கொண்டு எண்ணாலும் எழுத்தாலும் தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். வக்கீல் அலுவலகத்தில் பழைய நோட்டீசைத் திறந்து அதன் மேலேயே புதியதைத் தட்டச்சு செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பழைய கட்சிக்காரரின் தொகையோ செக் எண்ணோ ஏதோ ஒரு பத்தியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது அதனால்தான். செக்கை வாங்கியவரும் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

அப்படியென்றால் வட்டியும் வக்கீல் செலவும் கேட்கவே கூடாதா? கேட்கலாம், ஆனால் தனியாக. செக் தொகை இவ்வளவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, வட்டி இவ்வளவு, நோட்டீஸ் செலவு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் எழுதியிருந்தால் நோட்டீஸ் செல்லும் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பின்படி, எதிராளி செக் தொகையை மட்டும் கட்டிவிட்டு வட்டியைக் கட்டாமல் விட்டாலும் 138-இன் கீழ் குற்றம் இல்லை. வட்டிக்குத் தனியே சிவில் வழக்குப் போட வேண்டியதுதான். இதைத் தெரிந்துகொண்டால், கூடுதல் தொகைகளை நோட்டீசில் அடுக்குவதால் பெரிய லாபம் இல்லை என்பதும் புரியும்.

செக்கைக் கொடுத்த பின், அதை வங்கியில் போடுவதற்கு முன், கொஞ்சம் பணம் வந்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். கடனுக்காகக் கொடுத்த 20 லட்ச ரூபாய் செக் விஷயத்தில், இடையில் 4 லட்சத்துக்கும் மேல் வந்திருந்தும் முழுச் செக்கையும் வங்கியில் போட்டு முழுத் தொகைக்கே நோட்டீஸ் அனுப்பிய ஒரு வழக்கு உண்டு. செக்கைப் போடும் நாளில் உண்மையில் பாக்கி இருந்தது செக் தொகை அல்ல என்பதால் குற்றம் இல்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இப்படிப் பகுதிப் பணம் வந்திருந்தால், அதைச் செக்கின் மேல் குறிப்பாக எழுதி, மீதித் தொகைக்கு அதைப் போட வேண்டும் என்பது 56-ஆம் பிரிவின் வழி. அதைவிட எளிது, பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதித் தொகைக்குப் புதிய செக் வாங்குவது. கைப்பேசியில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று அவ்வப்போது பணம் வரும் காலத்தில், அந்த வரவுகள் எல்லாம் வங்கிக் கணக்கில் தேதியுடன் நிற்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்க்கலாம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி, வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்குச் சரக்கு அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்காகக் கடைக்காரர் கொடுத்தது 2025 மார்ச் 3 தேதியிட்ட 2,40,000 ரூபாய் செக். வியாபாரி அதை மார்ச் 10 அன்று தன் வங்கியில் போடுகிறார். மார்ச் 12 புதன்கிழமை, கணக்கில் போதிய பணம் இல்லை என்ற காரணத்தோடு செக் திரும்புகிறது. அன்றே குறுஞ்செய்தி வருகிறது. வியாபாரி வங்கிக்குப் போய் மெமோவையும் செக்கையும் வாங்குவது மார்ச் 17 திங்கட்கிழமை.

மெமோ கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 16 வரை நோட்டீஸ் அனுப்பலாம். குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்து எண்ணினால் மார்ச்சில் 19 நாளும் ஏப்ரலில் 11 நாளும் சேர்ந்து, ஏப்ரல் 11-இல் கெடு முடிகிறது. இரண்டுக்கும் நடுவில் 5 நாள் வித்தியாசம். புத்திசாலித்தனம் ஏப்ரல் 11-ஐக் கடைசி நாள் என்று குறித்துக்கொள்வதே. இந்த வியாபாரி அவ்வளவு நாள் காக்கவில்லை. மார்ச் 24 அன்று நோட்டீசைத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அவர் அனுப்பிய நோட்டீசின் சாரம் இப்படி இருக்கலாம்: "2025 ஜனவரியில் தங்கள் கடைக்கு அனுப்பிய ஜவுளிச் சரக்குக்காகத் தாங்கள் எனக்குக் கொடுத்த, இன்ன வங்கியின் இன்ன கிளை மீது வரைந்த, இன்ன எண்ணுள்ள, 3.3.2025 தேதியிட்ட, ரூ.2,40,000 (ரூபாய் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்)க்கான காசோலையை என் வங்கிக் கணக்கில் செலுத்தினேன். கணக்கில் போதிய பணம் இல்லை என்ற காரணத்துடன் அது திரும்பிவிட்ட தகவல் 12.3.2025 அன்று எனக்குக் கிடைத்தது. இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் மேற்படி காசோலைத் தொகையான ரூ.2,40,000-ஐ எனக்குச் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுப்பேன்." வட்டியும் செலவும் கேட்க விரும்பினால் அவை இதற்குக் கீழே தனிப் பத்தியில் வரும். "வட்டி ரூ.9,600, செலவு ரூ.5,000 சேர்த்து மொத்தம் ரூ.2,54,600-ஐக் கட்டவும்" என்று ஒரே தொகையாக எழுதி, செக் தொகையைத் தனியே கேட்காமல் விட்டால், மேலே சொன்ன பள்ளத்தில் நோட்டீஸ் விழுந்துவிடும்.

இதில் சரக்கு விவரம் எதற்கு என்று கேட்கலாம். எதற்காகக் கொடுத்த செக் என்பதை நோட்டீசில் சொல்லும்படி 138-ஆம் பிரிவு கேட்கவில்லை. ஆனால் அன்பளிப்பாகவோ நன்கொடையாகவோ கொடுத்த செக்குக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் அல்லது பொறுப்புக்காகக் கொடுத்திருக்க வேண்டும். அதை ஒரு வரியில் சொல்லி வைப்பது பின்னால் உதவும். ஆனால் ஒரு வரியோடு நிற்பது நலம். நோட்டீசில் நீளமாகக் கதை எழுதி, புகாரில் வேறு கதை, சாட்சியத்தில் இன்னொரு கதை என்றாகிவிட்டால், எதிர்த்தரப்புக்கு அதுவே ஆயுதம். பணம் கட்டும் அவகாசத்தையும் 15 நாள் என்றே எழுத வேண்டும். "7 நாளில் கட்டு" என்று எழுதினாலும் சட்டம் கொடுத்த 15 நாள் குறையாது. வீணான வாதத்துக்குத்தான் இடம் கொடுக்கும்.

கடைக்காரருக்கு நோட்டீஸ் கிடைத்தது மார்ச் 27 வியாழக்கிழமை. அந்த நாளை விட்டு எண்ணினால் 15-ஆம் நாள் ஏப்ரல் 11. அன்று நள்ளிரவு வரை பணம் கட்ட அவருக்கு உரிமை உண்டு. கட்டவில்லை என்றால் ஏப்ரல் 12 அன்று வழக்குத் தொடரும் உரிமை பிறக்கிறது. அங்கிருந்து ஒரு மாதம். ஒரு மாதம் என்றால் 30 நாள் அல்ல, நாட்காட்டி மாதம். உரிமை பிறந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 1999-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வில் மீண்டும் உறுதி செய்தது. எனவே ஏப்ரல் 12-ஐ விட்டுவிட்டால் மே 12 திங்கட்கிழமை வரை புகார் மனுப் போடலாம். வியாபாரியின் வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ, அந்தக் கிளை இருக்கும் பகுதிக்கு உட்பட்ட நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தீர்த்து வைத்துவிட்டது.

தாமதம் மட்டுமல்ல, அவசரமும் கெடுக்கும். இதே வியாபாரி ஆத்திரத்தில் ஏப்ரல் 10 அன்றே புகார் போட்டிருந்தால், கடைக்காரருக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது. அது சட்டத்தின் கண்ணில் புகாரே அல்ல. நீதிமன்றம் அந்த மனுவை விசாரணைக்கு எடுக்கும்போது 15 நாள் கடந்திருந்தாலும் பிழை சரியாகாது என்று 2014-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அப்படிப்பட்டவர் அந்த வழக்கு முடிவான ஒரு மாதத்துக்குள் புதிதாகப் புகார் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வழியையும் அந்தத் தீர்ப்பு விட்டுவைத்தது. ஆனால் அதற்குள் எத்தனை ஆண்டு ஓடியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஏப்ரல் 12 வரை பொறுப்பதே மேல்.

நோட்டீசை எப்படி அனுப்புவது என்பதும் நாள் கணக்கோடு பின்னிக் கிடக்கிறது. பதிவுத் தபாலில் ஏ.டி. கார்டு வைத்து அனுப்புவதே நெடுநாள் வழக்கம். 2025-இல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டதால், இப்போது ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புகிறார்கள். எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதை இணையத்தில் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். சில வாரங்களில் அந்த விவரம் தளத்திலிருந்து போய்விடக்கூடும் என்பதால், பார்த்த அன்றே எடுத்து வைப்பது நல்லது.

ஒரே நோட்டீசை இரண்டு வழிகளில் அனுப்புவோர் கவனிக்க வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. எஸ்.ஐ.எல். இம்போர்ட் என்ற நிறுவனம் சம்பந்தப்பட்டது. 1996 ஜூன் 11 அன்று நோட்டீஸ் ஃபேக்ஸில் போனது. மறுநாள் அதையே பதிவுத் தபாலிலும் அனுப்பினார்கள். தபால் ஜூன் 25-இல் கிடைத்தது. அதிலிருந்து கணக்கிட்டு ஆகஸ்ட் 8 அன்று புகார் போட்டார்கள். தபாலை வைத்துப் பார்த்தால் கெடுவுக்குள்தான். ஆனால் ஃபேக்ஸும் எழுத்து மூலமான நோட்டீஸ்தான், அது கிடைத்த அன்றே 15 நாள் ஓடத் தொடங்கிவிட்டது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்கில் ஜூலை இறுதிக்குள்ளேயே ஒரு மாதம் முடிந்துவிட்டது, புகார் தள்ளுபடி. தாமதத்தை மன்னிக்கும் விதி அப்போது சட்டத்தில் இல்லை. இன்று ஃபேக்ஸின் இடத்தில் வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் வந்துவிட்டன. அவற்றில் அனுப்பிய நோட்டீஸும் செல்லும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியிருக்கிறது. எனவே நோட்டீசின் படத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால், அது போய்ச் சேர்ந்த நாளையும் கணக்கில் கொண்டு, முந்திய தேதியிலிருந்து எண்ணியே புகாருக்கு நாள் குறிக்க வேண்டும். ஆனால் புகார் போடும் முன், பிந்திய தேதியின்படியும் 15 நாள் முடிந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொண்டால் எந்த வாதத்துக்கும் இடமிருக்காது.

நோட்டீசை வாங்க மறுத்தாலோ, "கதவு பூட்டியிருந்தது", "உரியவர் வந்து பெறவில்லை" என்று எழுதி அது திரும்பி வந்தாலோ வியாபாரி கலங்க வேண்டியதில்லை. சரியான முகவரிக்கு, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. இதை வைத்து 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு தெளிவான முடிவுக்கு வந்தது: நோட்டீஸ் எனக்கு வரவே இல்லை என்று உண்மையாகச் சொல்பவர், நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். அப்படிக் கட்டாதவர் நோட்டீஸ் வரவில்லை என்று வாதாட முடியாது. உரியவர் பெறாமல் திரும்பிய தபாலுக்கு, அது திரும்பி வந்த நாளிலிருந்து 15 நாளை எண்ண வேண்டும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல், அதன் மேல் உள்ள தபால்காரரின் குறிப்போடு அப்படியே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். பிரித்துவிட்டால், உள்ளே இருந்தது என்ன என்ற கேள்வி எழும்.

யார் பெயருக்கு அனுப்புவது என்பதும் கவனிக்க வேண்டியது. நோட்டீஸ் செக்கை வரைந்தவருக்கு. தனி உரிமையாளர் நடத்தும் கடை என்றால் கடைப் பெயரும் உரிமையாளர் பெயரும் ஒன்றே. ஆனால் கம்பெனி செக் என்றால் வரைந்தவர் கம்பெனி. கையெழுத்துப் போட்ட இயக்குநர் அல்ல. இயக்குநருக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பி, கம்பெனிக்கு அனுப்பாமல் விட்ட வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மாறாக, கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் ஒவ்வோர் இயக்குநருக்கும் தனித்தனி நோட்டீஸ் தேவையில்லை என்று 2015-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஈரோட்டு வியாபாரியிடம் செக் கொடுத்த கடை, பெயர்ப் பலகையில் ஒரு பெயரும் செக்கில் வேறு பெயரும் கொண்டிருந்தால், செக்கில் அச்சான பெயர்தான் நோட்டீசில் முதலில் வர வேண்டும்.

நோட்டீஸ் கிடைத்தவரின் பக்கமிருந்து பார்த்தால், அந்த 15 நாளை வீணாக்குவது பெரும் தவறு. செக் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. கட்ட வேண்டியதில்லை என்று நியாயமான காரணம் இருந்தால் - சரக்கு வரவில்லை, கடன் முன்பே அடைந்துவிட்டது, செக் தொலைந்து போனது - அதை உடனே பதிலாக எழுதி அனுப்ப வேண்டும். பதில் அனுப்பாதவர் பின்னால் வாதாடவே முடியாது என்பதில்லை. ஆனால் செக் கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று 139-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் அனுமானத்தை உடைப்பது அவர் பொறுப்பு. முதல் வாய்ப்பிலேயே சொல்லாத காரணத்தை, இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறிச் சொன்னால் நம்ப வைப்பது கடினம். குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

நோட்டீஸ் பிழையாகிவிட்டது, அல்லது 30 நாள் கடந்தே போய்விட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? செக்கின் 3 மாத ஆயுள் இன்னும் முடியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. செக்கை மீண்டும் வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால், அந்தத் தகவலிலிருந்து புதிய 30 நாள் தொடங்கும்; புதிய, பிழையற்ற நோட்டீஸ் அனுப்பலாம். ஒருமுறை நோட்டீஸ் அனுப்பிவிட்டால் அந்த ஒன்றை வைத்துத்தான் வழக்குப் போட முடியும் என்று 1998-இல் இருந்த தீர்ப்பை, எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு மாற்றியது. ஈரோட்டுச் செக் மார்ச் 3 தேதியிட்டது என்பதால், ஜூன் தொடக்கம் வரை இந்தக் கதவு திறந்திருந்தது. செக்கை வாங்கிய உடனே வங்கியில் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாம் மாதக் கடைசியில் போட்டால், பிழை நேர்ந்த பின் திருத்திக்கொள்ள நாளே இருக்காது.

ஆயுளும் முடிந்துவிட்டால் 138-ஆம் பிரிவு கை கழுவிவிடும். கடன் மட்டும் அப்படியே நிற்கும். அதை வசூலிக்கச் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. காசோலையை அடிப்படையாக வைத்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளையின் கீழ் சுருக்க முறையில் வழக்குப் போட்டால், எதிர்த்து வாதாடவே எதிராளி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டியிருக்கும். இதற்குப் பொதுவாக 3 ஆண்டு காலக்கெடு. ஆனால் அந்த 3 ஆண்டு, செக் திரும்பிய நாளிலிருந்துதான் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. கடன் கொடுத்த நாள், சரக்கு அனுப்பிய நாள் அல்லது தவணை முடிந்த நாள் என்று ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தொடக்கம் வேறுபடும். தமிழ்நாட்டில் இந்த வழக்குக்குக் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 2,40,000 ரூபாய்க்கு அது 7,200 ரூபாய்.